கரும்பலகையைப் படமெடுக்கும் முறை

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி காய்ச்சலால் ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் பாடம். கரும்பலகையில் படம் போட்டு, பக்கத்தில் ஆரம் 4.5 செ.மீ., மையத்திலிருந்து புள்ளியின் தூரம் 7.5 செ.மீ. என்று எழுதி, கீழே கணக்கையும் முடித்திருந்தேன். மணி அடித்ததும் அவசரமாகச் செல்போனில் ஒரு படம் எடுத்து அவள் அப்பாவின் எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். இரவு எட்டு மணிக்கு அவளே கூப்பிட்டாள்: "சார், தொடுகோட்டு நீளம் 60 சென்டிமீட்டர் வருது. நோட்டுல எப்படி சார் வரையிறது?"

விடை 6 செ.மீ. வர வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பலகையின் இடது பாதியில் ஜன்னல் வெளிச்சம் வெண்ணிறமாகப் படிந்திருந்தது. 4.5-இல் இருந்த புள்ளியும் 7.5-இல் இருந்த புள்ளியும் அதில் கரைந்துவிட்டன. அவள் 45, 75 என்று படித்திருக்கிறாள். 75-இன் வர்க்கத்திலிருந்து 45-இன் வர்க்கத்தைக் கழித்தால் 3600, அதன் வர்க்கமூலம் 60. அவள் போட்ட கணக்கில் ஒரு தவறும் இல்லை. படம்தான் தவறு.

கரும்பலகைப் படம் கெடும்போது பெரிய எழுத்து கெடுவதில்லை. தசமப்புள்ளியும், மெய்யெழுத்தின் புள்ளியும், ஏகாரத்தின் கீழ்க்கோடும்தான் முதலில் போகும். 'எடு' என்பதா 'ஏடு' என்பதா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருந்தால், அந்தப் படத்தை அனுப்பாமல் இருப்பதே மேல். இந்த அத்தியாயத்தில் அந்த வகுப்பறையையே எடுத்துக்கொண்டு, அதே பலகையை ஒழுங்காகப் படமெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

அறை ஏறக்குறைய 20 அடிக்கு 20 அடி. முன்சுவரில் சிமென்ட் பூசிக் கறுப்பு வண்ணம் அடித்த பலகை, 8 அடி அகலம், 4 அடி உயரம், கீழ் விளிம்பு தரையிலிருந்து 3 அடி. மாணவர்களுக்கு இடப்பக்கச் சுவரில் ஜன்னல்கள். பலகைக்கு மேலே ஒரு டியூப்லைட், அறை நடுவில் இரண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நூற்றுக்கணக்கான அறைகள் இப்படித்தான் இருக்கும்.

எங்கே நிற்பது

பலகையில் தெரியும் வெள்ளைப் பளபளப்பு அறையில் வெளிச்சம் அதிகமானதால் வருவதில்லை. பலகை மங்கலான ஒரு கண்ணாடி. ஜன்னலின் பிம்பம் அதில் விழுகிறது. நாம் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் பிம்பம் பலகையின் எந்தப் பகுதியில் தெரிகிறதோ அங்கே எழுத்து மறைகிறது. விழும் கோணமும் திரும்பும் கோணமும் சமம் என்று எட்டாம் வகுப்பில் படித்த விதி அப்படியே இங்கே வேலை செய்கிறது. அதனால் ஜன்னலை மூட முடியாவிட்டாலும் நாம் நகர்ந்தால் போதும். பளபளப்பும் நகர்ந்து பலகையை விட்டு வெளியே போய்விடும்.

எந்தப் பக்கம் நகர்வது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஜன்னல் இடப்பக்கம் இருந்தால், வெளிச்சத்துக்கு எதிரே போகக் கூடாது என்று எண்ணி வலப்பக்கம் போய் நிற்போம். நானும் அன்று அங்கேதான் நின்றேன். வலப்பக்கம் நின்று பலகையின் இடது ஓரத்தைப் பார்க்கும்போது நம் பார்வை இடதுபுறமாகச் சரிந்து பலகையில் பட்டு, அதே சரிவில் திரும்பி இடச்சுவரில் போய் முடிகிறது. அங்கே ஜன்னல் இருக்கிறது. பலகையிலிருந்து 12 அடி தள்ளி, நடுக்கோட்டிலிருந்து 6 அடி வலப்பக்கம் நின்றால், பலகையின் இடது விளிம்பில் பட்ட பார்வை இடச்சுவரை முன்சுவரிலிருந்து ஏறக்குறைய 7 அடி தூரத்தில் தொடும். முதல் ஜன்னல் சரியாக அங்கேதான். தசமப்புள்ளிகள் தொலைந்த இடமும் அதுதான்.

இப்போது ஜன்னல் பக்கமே வாருங்கள். நடுக்கோட்டிலிருந்து நான்கைந்து அடி இடப்பக்கம் நின்றால், பலகையின் எந்தப் பகுதியைப் பார்த்தாலும் பார்வை ஒன்று வலச்சுவரை நோக்கிப் போகும், அல்லது பின்சுவரை நோக்கிப் போகும். இடச்சுவரின் ஜன்னல் அந்த வழியில் வராது. ஆகவே ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் நில்லுங்கள். வெளிச்சம் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து பலகைக்குப் போகட்டும்.

எதிர்ச்சுவரில் வெள்ளையடிப்போ திறந்த கதவோ இருந்து அதன் பிம்பம் விழுந்தால் என்ன செய்வது? எது பளபளக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றைப் பளபளப்பு தெரியும் இடத்தில் பலகையோடு ஒட்டிப் பிடிக்கும்படி ஒரு மாணவரிடம் சொல்லுங்கள். படமெடுக்கும் இடத்திலிருந்து அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். அதில் கதவு தெரிந்தால் கதவைச் சாத்துங்கள், டியூப்லைட் தெரிந்தால் அதை அணையுங்கள். ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதே இல்லை. அந்த அறையில் இப்படிப் பார்த்தபோது பலகையின் மேல் ஓரத்தில் விழுந்தது அறை நடுவில் இருந்த டியூப்லைட்டின் பிம்பம் என்று தெரிந்தது. பலகைக்கு நேர் மேலே சுவரை ஒட்டி இருக்கும் விளக்கு அப்படி விழுவதில்லை. அதன் வெளிச்சம் பலகையில் பட்டுத் தரையை நோக்கித்தான் போகும். எனவே நடு விளக்குகளை அணைத்து, பலகை விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். செல்போனின் ஃபிளாஷை அணைத்தே வையுங்கள். பலகை நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தைத் தவிர அதனால் எதுவும் கிடைக்காது.

பலகையின் மேற்பரப்பும் முக்கியம். பளபளப்பான எனாமல் அடித்த பலகை, புதிதாக இருக்கும் வரை, எங்கே நின்றாலும் எதையாவது காட்டிக்கொண்டிருக்கும். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து மாணவர்களே பலகையில் தேய்த்த காலத்தை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பூச்சு காய்ந்தால் துளியும் மினுங்காது. வண்ணம் அடிக்கும் முறை வந்தால் மினுமினுப்பில்லாத கரும்பலகை வண்ணம் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

தூரத்துக்கு வருவோம். செல்போனின் 1x கேமரா, நின்ற இடத்திலிருந்து உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு அகலத்தைப் பிடிக்கும். 8 அடிப் பலகைக்கு 7 அடி தூரம் போதும், சுற்றிலும் கொஞ்சம் இடமும் கிடைக்கும். ஆனால் உங்கள் செல்போனில் 2x என்று தனி லென்ஸோ, நல்ல சென்சாரோ இருந்தால் 13, 14 அடி பின்னால் போய் 2x-இல் எடுங்கள். ஏன் என்பதைக் கோணல் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். 0.5x லென்ஸைத் தொடாதீர்கள். அது பலகையின் நேர்க்கோட்டு விளிம்பையே வில்லாக வளைத்துவிடும். நான்கு மூலைகளை இழுத்து நேராக்கும் எந்த முறையாலும் அந்த வளைவைச் சரிசெய்ய முடியாது.

உயரமும் கவனிக்க வேண்டியது. இந்தப் பலகையின் நடு தரையிலிருந்து 5 அடியில் இருக்கிறது. செல்போன் லென்ஸும் அதே உயரத்தில், நிற்பவரின் முகவாய்க்கு நேராக இருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து எடுத்தால் செல்போனை மேல்நோக்கிச் சாய்ப்போம். பலகையின் மேல் விளிம்பு குறுகிக் கூரை போலாகிவிடும்.

எவ்வளவு வெளிச்சம்

கேமராவுக்கு எதிரே இருப்பது கரும்பலகை என்று தெரியாது. காட்சி மொத்தமும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமாக, அதாவது விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக இருக்கும் என்று எண்ணித்தான் அது வெளிச்சத்தை அளக்கிறது. கறுப்புப் பலகை அதைவிட மிகக் குறைவாகத் திருப்பித் தரும். அதனால் இது இருட்டான காட்சி என்று முடிவு கட்டி, கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பலகை சாம்பலாக வெளுக்கும், சாக்பீஸ் கோடு தடித்து வழியும். 8-இன் இரண்டு கண்களும், 'ஞ' எழுத்தின் உள் சுழியும் அடைந்துபோயிருந்தால் இதுதான் காரணம்.

திரையில் எழுத்து நிறைந்த ஓர் இடத்தில் விரலை வைத்து, பூட்டு அடையாளம் வரும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். அளவு எண்ணாகத் தெரிந்தால் -0.7 முதல் -1 வரை போதும். எண் தெரியாத செல்போனில், பலகை நிஜமாகவே கறுப்பாகத் தெரியும் வரை இழுங்கள். வெள்ளைத் தாளைப் படமெடுக்கும்போது இதற்கு நேர்மாறாக வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். தாளுக்குப் பழகிய கை இங்கேயும் கூட்டிவிடும், கவனமாக இருங்கள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜன்னல் படச்சட்டத்துக்குள் ஓர் ஓரமாக வந்துவிட்டால் கேமரா அதன் பிரகாசத்தைப் பார்த்துப் பலகையை இருட்டாக்கும். ஜன்னலை வெளியே விட்டுச் சட்டத்தை அமையுங்கள். மேகமூட்டமான நாளில் கை நடுங்கினாலும் எழுத்து இரட்டிக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, 3 விநாடி டைமர் வைத்து எடுத்தால் பொத்தானைத் தொடும் அசைவும் படத்தில் வராது. டியூப்லைட் மட்டும் எரியும் அறையில் படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்தால் செல்போனைக் குறை சொல்ல வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. Pro முறையில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பட்டைகள் மறையும்.

கோணலை நேராக்குதல்

ஜன்னல் பக்கம் போய் நின்றதால் பலகையை நேருக்கு நேர் பார்க்க முடியாது. படத்தில் பலகை செவ்வகமாக இல்லாமல், ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் சரிவகமாக வரும். இதை நேராக்கிவிடலாம். பலகை தட்டையானது, அதன் நான்கு மூலைகளும் படத்தில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால், நடுவிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் எங்கே போக வேண்டும் என்பதைக் கணக்கிட அதுவே போதும். நான்கு மூலை கேட்கும் செயலிகள் எல்லாம் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன.

ஆனால் நேராக்கும் செயலி இருக்கிறதே என்று எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துவிட முடியாது. பலகையின் நடுவிலிருந்து 8 அடி தூரத்தில், 45 பாகை பக்கவாட்டில் நின்று எடுத்ததாக வைத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள ஓரத்து எழுத்து, பக்கத்து ஓரத்து எழுத்தைவிட உயரத்தில் பாதியாகும். அகலத்திலோ கால்வாசிக்கும் கீழே சுருங்கிவிடும். நேராக்கும்போது செயலி அதை நான்கு மடங்கு இழுத்து நீட்டும். அளவு சரியாகிவிடும், ஆனால் கேமரா பதிவு செய்யாத விவரம் எங்கிருந்து வரும்? ரப்பரை இழுத்தது போல எழுத்து மங்கலாக அகலும். அறையில் இடம் இருந்து, அதே 45 பாகையில் 16 அடி தூரத்துக்குப் போய் 2x-இல் எடுத்தால், தொலை ஓரத்து எழுத்தின் அகலம் பாதியாகத்தான் சுருங்கும். பின்னால் போகச் சொன்னது இதற்காகத்தான். கோணம் 30 பாகைக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் எழுத்தில் குறையே தெரியாது. 12 அடி தூரத்தில் நின்றால் 30 பாகை என்பது நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 அடி. ஜன்னல் பக்கம் நான்கைந்து அடி நகரச் சொன்னேன் அல்லவா, அது இந்த எல்லைக்குள்ளேயே அடங்குகிறது.

அடுத்தது மூலை. சுவரில் வண்ணம் அடித்து உருவாக்கிய பலகையின் மூலைகள் பெரும்பாலும் சரியான செங்கோணமாக இருப்பதில்லை, விளிம்பும் அலைஅலையாக ஓடும். அதை நம்பி நேராக்கினால் நேரான கோடுகளும் சாயும். நான் செய்வது இது: பாடத்துக்கு முன்பே நூலையும் மர மூலைமட்டத்தையும் வைத்து, 7 அடிக்கு 3.5 அடி என்று ஒரு செவ்வகத்தை அளந்து, நான்கு மூலையிலும் சாக்பீஸால் சிறிய கூட்டல் குறி போட்டுவைப்பேன். எழுதுவதையெல்லாம் அந்த நான்கு குறிகளுக்குள் எழுதுவேன். நேராக்கும்போது பலகையின் விளிம்பைப் பார்க்காமல் அந்தக் குறிகளையே மூலைகளாகக் கொள்வேன். இரண்டு நிமிட வேலைதான். பெயின்டால் குறி போட்டுவிட்டால் வருடம் முழுவதும் இருக்கும்.

அளந்து வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. நேராக்கிய படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் என்ன என்பது செயலிக்குத் தெரியாது. ஸ்கேன் செய்யும் செயலிகள் பல, தாள் என்று எண்ணி A4 விகிதத்துக்கு அடக்கிவிடும். A4 தாளின் நீளம் அகலத்தைப் போல 1.41 மடங்கு. நம் செவ்வகமோ 2 மடங்கு. அப்படி அடக்கினால் பலகையில் நூல் கட்டி வரைந்த வட்டம், அகலத்தைவிட உயரம் 1.4 மடங்காகி முட்டை போல நிற்கும். எழுத்தை மட்டும் படிக்கிறவர் பொறுத்துக்கொள்வார். வட்டமும் முக்கோணமும் வரைந்த வடிவியல் பாடத்தில் கோணங்களெல்லாம் பொய்யாகிவிடும்.

கணினியில் GIMP இருந்தால் இதைச் சரியாகச் செய்யலாம், அது இலவசம். Tools > Transform Tools > Perspective கருவியை எடுங்கள். Direction என்ற இடத்தில் Corrective (Backward), Clipping என்ற இடத்தில் Clip என்று வையுங்கள். படத்தின் மூலைகளில் வரும் நான்கு பிடிகளையும் நம் நான்கு கூட்டல் குறிகளின் மேல் கொண்டுபோய் வைத்து Transform பொத்தானை அழுத்துங்கள். செவ்வகம் படம் முழுவதையும் நிறைத்துவிடும். இப்போது படம் இன்னும் கேமராவின் 4:3 விகிதத்தில்தான் இருக்கிறது. Image > Scale Image போய், அகல உயரத்தைப் பிணைக்கும் சங்கிலிக் குறியைத் திறந்துவிட்டு 3000, 1500 என்று கொடுங்கள். 7 அடியும் 3.5 அடியும் 2-க்கு 1 என்று வந்துவிட்டது. செல்போனிலேயே முடிக்க வேண்டுமானால் Snapseed-இல் உள்ள Perspective கருவியில் Free என்பதைத் தேர்ந்து மூலைகளை விரலால் இழுக்கலாம்.

சரியாக வந்ததா என்று வட்டத்தை வைத்துச் சோதியுங்கள். இடமிருந்து வலம் எத்தனை பிக்சலோ மேலிருந்து கீழும் அத்தனை பிக்சல் இருக்க வேண்டும். பாடத்தில் வட்டமே இல்லாத நாளில், ஒரு தகர டப்பாவின் மூடியைப் பலகையோரத்தில் வைத்து சாக்பீஸால் சுற்றி ஒரு வட்டம் வரைந்துவிடுங்கள்.

வெளிச்சத்தைச் சமப்படுத்துதல்

எவ்வளவு நகர்ந்தாலும் சில அறைகளில் பளபளப்பு கொஞ்சம் மிஞ்சும். டஸ்டரால் துடைத்த பொடி பலகை முழுவதும் மங்கலான வெண்படலமாகவும் நிற்கும். இதற்கு ஸ்கேன் செயலிகளில் உள்ள ஆவண வடிப்பானைப் போட்டுப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அது பின்னணி வெள்ளை, எழுத்து கறுப்பு என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. கரும்பலகையில் போட்டால் பலகையைத் திட்டுத்திட்டாக வெளுத்து, சாக்பீஸ் எழுத்தை அதோடு சேர்த்து விழுங்கிவிடும்.

பளபளப்பு என்ன செய்கிறது என்று எண்ணால் பார்த்தால் தீர்வு தெரியும். படத்தில் 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. நல்ல இடத்தில் பலகை 40, சாக்பீஸ் கோடு 180 என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பு விழுந்த இடத்தில் இரண்டின் மேலும் ஒரே அளவு, ஏறக்குறைய 60, கூடுவதாக எளிமையாகக் கொள்வோம். பலகை 100, எழுத்து 240. பார்க்க வெளுத்திருந்தாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதே 140. அப்படியானால் ஒவ்வொரு இடத்திலும் பலகையின் எண்ணை மட்டும் கழித்துவிட்டால், நல்ல இடத்திலும் பளபளத்த இடத்திலும் பலகை 0, எழுத்து 140 என்று ஒன்றாகிவிடும்.

பலகையின் எண்ணை மட்டும் எப்படிப் பெறுவது? படத்தை எழுத்தே தெரியாத அளவுக்குக் கலைத்துவிட்டால் மிஞ்சுவது பின்னணி மட்டுமே. GIMP-இல் Layer > Duplicate Layer கொடுத்துப் படத்தை இரட்டியுங்கள். மேல் அடுக்கில் Filters > Blur > Gaussian Blur போட்டு அளவை 100 என்று வையுங்கள். பிறகு அந்த அடுக்கின் Mode-ஐ Subtract என்று மாற்றுங்கள். மேலடுக்கு கீழடுக்கிலிருந்து கழியும், பலகை ஒரே கறுப்பாக இறங்கும். Layer > Merge Down கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கி, Colors > Levels-இல் Auto Input Levels அழுத்தினால் எழுத்து மேலெழும். அச்செடுக்கப் போகிறீர்கள் என்றால் கடைசியாக Colors > Invert. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக வரும், நகலெடுக்கும் கடையில் மையும் மிச்சம்.

கலைக்கும் அளவு 100 என்பதற்குக் காரணம் இருக்கிறது. 7 அடிக்கு 3000 பிக்சல் என்றால் ஓர் அங்குலத்துக்கு 36 பிக்சல் வரும். இரண்டு அங்குல எழுத்து 72 பிக்சல் உயரம். கலைக்கும் அளவு எழுத்தைவிடப் பெரிதாகவும், பளபளப்புத் திட்டைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். 20 என்று வைத்தால் எழுத்தும் ஓரளவு கழிந்து மங்கிப்போகும். வரைபடத்தில் கடலை முழுக்க சாக்பீஸால் நிரப்பியிருந்தால் எந்த அளவு வைத்தாலும் அந்த நிரப்பு உள்ளீடற்றுப் போகும். அத்தகைய பலகைக்கு இந்த முறை வேண்டாம்.

இதன் எல்லையும் அந்த எண்களிலேயே இருக்கிறது. பளபளப்பு 60-க்குப் பதிலாக 200 கூடினால் பலகை 240 ஆகும். எழுத்து 380 ஆக வேண்டும், ஆனால் 255-க்கு மேல் படத்தில் எண்ணே கிடையாது. வித்தியாசம் 140 இருந்த இடத்தில் 15 மட்டும் மிஞ்சும். தசமப்புள்ளி போவது அங்கேதான். என்னுடைய அந்தப் பழைய படத்தை இந்த முறையில் மீட்கப் பார்த்தேன். எண்கள் தெளிவாகின. நடுப் புள்ளிகள் மட்டும் வரவே இல்லை. அடுத்த நாள் அதே பலகையில் அதே கணக்கை மறுபடி எழுதி, ஜன்னல் பக்கம் நின்று எடுத்த படத்தில் எந்தத் திருத்தமும் செய்யாமலே இரண்டு புள்ளிகளும் தெரிந்தன.

எழுதும்போதே செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. பாடத்துக்கு முன் பலகையை ஈரத்துணியால் துடைத்து முழுதாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் எழுதினால் கோடு மங்கலாகத்தான் விழும். வெள்ளையும் மஞ்சளும் படத்தில் நன்றாக வரும். நீலமும் சிவப்பும் கண்ணுக்குத் தெரிந்தாலும் கறுப்புப் பின்னணியில் அமுங்கிவிடும், முக்கியமான எண்ணை அவற்றில் எழுதாதீர்கள்.

அனுப்புவது

நன்றாக எடுத்த படம் அனுப்பும்போது கெடுவது அதிகம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீண்ட பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைகிறது. 8 அடிப் பலகை சட்டம் முழுவதும் நிறைந்திருந்தால் அங்குலத்துக்கு 16 பிக்சல். கால் அங்குலம் உள்ள மெய்ப்புள்ளிக்கு 4 பிக்சல் கிடைக்கும், அது தெரியும். பலகை சட்டத்தில் பாதியை மட்டும் பிடித்து, மீதி சுவரும் மின்விசிறியுமாக இருந்தால் அதே புள்ளிக்கு 2 பிக்சல்தான். படத்தைச் சுருக்கும்போது அது போய்விடும். எனவே முதலில் சுவரை வெட்டி நீக்குங்கள். பிறகு HD என்று தேர்ந்து அனுப்புங்கள், அல்லது Document ஆக அனுப்புங்கள். Document ஆக அனுப்பினால் படம் குறையாமல் அப்படியே போகும். எழுத்து பொடியாக இருந்தால் பலகையை இடப்பாதி, வலப்பாதி என்று இரண்டு படமாக எடுத்து, நடுவில் ஓர் அடி இரண்டிலும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

டஸ்டரைக் கையில் எடுத்த மாணவரை அரை நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஜன்னலுக்கு நேரான ஓரத்தையும் உங்களிடமிருந்து மிகத் தொலைவிலுள்ள மூலையையும் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே ஒரு வரியை எழுத்தெழுத்தாக, புள்ளி உட்பட வாசியுங்கள். பலகையில் என்ன எழுதினோம் என்ற நினைவு நமக்குத் துணைவந்துவிடும், ஆகவே முடிந்தால் அந்த மாணவரையே படத்தைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் பலகை இன்னும் அழியவில்லை, இரண்டடி நகர்ந்து இன்னொரு படம் எடுத்துவிடலாம்.